ஏழாம் நாள் கணக்கும் கியூப் சொல்லும் கணக்கும்

கூரைத் தளத்துக்குக் கான்கிரீட் போட்டதும் வீட்டுக்காரர், மேஸ்திரி, சென்ட்ரிங்காரர் மூவருமே நாள் எண்ணத் தொடங்கிவிடுவார்கள். ஷீட்டும் முட்டும் அடுத்த வேலைக்குப் போக வேண்டும், வாடகையும் ஏறுகிறது. அந்த அவசரத்தில் கட்டுமான இடங்களில் சொல்லப்படும் நான்கு நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: ஏழு நாள் ஆகிவிட்டால் தளத்து முட்டைப் பிரிக்கலாம்.

உண்மை: இந்த ஏழு நாள் ஐ.எஸ். 456 விதிநூலில் இருப்பதுதான். ஆனால் தாங்கிகளுக்கு இடையே 4.5 மீட்டர் வரை உள்ள தளத்துக்கு மட்டும். அதற்கு மேல் போனால் 14 நாள். பீமுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், அதைத் தாண்டினால் 21 நாள். இவையும் சாதாரண போர்ட்லாண்ட் சிமென்ட் போட்டு, வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே இறங்காமல், ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றியிருந்தால்தான் பொருந்தும். இன்று வீடுகளுக்கு அதிகம் வாங்கப்படும் பி.பி.சி. சிமென்ட்டில் தொடக்க நாட்களில் வலு மெதுவாகவே ஏறும். அதே விதிநூலின் அடிப்படை விதி நாளைப் பற்றிப் பேசுவதே இல்லை: பிரிக்கும் வேளையில் கான்கிரீட்டின் மேல் வரக்கூடிய தகைவைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு வலு அதற்கு வந்திருக்க வேண்டும் என்கிறது.

நம்பிக்கை: லேபில் கியூப் பாஸ் ஆனால் தளமும் பாஸ்.

உண்மை: லேப் கியூப் 27 டிகிரித் தண்ணீர்த் தொட்டியில் சொகுசாகக் கிடந்தது. வந்த கலவை சரியா என்பதை அது சொல்லும். மொட்டை மாடியில் இருக்கும் தளம் இன்று எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்லாது. சென்ட்ரிங் பிரிக்கத் தனியாகக் கியூப் போட வேண்டும். அதே லோடு கலவையில் வார்த்து, தளத்தின் மேலேயே வைத்து, தளத்துக்குப் போடும் அதே ஈரச் சாக்கைப் போட்டு, அதே வேளையில் தண்ணீர் விட வேண்டும். சுத்தியல் போன்ற ரீபவுண்ட் கருவி மேற்பரப்பின் கடினத்தைத்தான் காட்டும். அதன் கணிப்பு 25 சதவீதம் வரை இப்படியோ அப்படியோ போகலாம் என்பதால் அதை மட்டும் நம்பிப் பிரிக்கக் கூடாது.

எவ்வளவு வலு போதும்? எம்25 கான்கிரீட்டில் 150 மி.மீ. தடிமனுள்ள தளம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சதுர மீட்டருக்குச் சொந்த எடை 375 கிலோ, தரைப்பூச்சு 100, குடியிருப்பவர்களின் பாரம் 200. மொத்தம் 675 கிலோவுக்கு வடிவமைத்திருக்கிறார்கள். பிரிக்கும் அன்று தளத்தின் எடையோடு ஆட்களுக்கும் கருவிகளுக்கும் 75 சேர்த்தால் 450. மூன்றில் இரண்டு பங்கு பாரம் வருவதால் வலுவும் 25-இல் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 17 நியூட்டன் வேண்டும். 150 மி.மீ. கியூப் 383 கிலோநியூட்டனைத் தாண்டி உடைந்தால் அந்த வலு வந்துவிட்டது. இது வளைவுக்கான கணக்கு. பீம் இல்லாமல் தூணிலேயே உட்காரும் தட்டைத் தளமாக இருந்தால், தூண் தளத்தைக் குத்தித் துளைக்குமா என்பதை வடிவமைப்பாளர் தனியாகப் பார்க்க வேண்டும்.

நம்பிக்கை: வலு வந்துவிட்டால் எல்லா முட்டையும் எடுத்துவிடலாம்.

உண்மை: மேலே இன்னொரு தளம் வரப்போகிறதா என்பதைப் பொறுத்தது. அதே தடிமனில் மேல்தளம் போட்டால் ஈரக் கான்கிரீட் 375 கிலோ, சென்ட்ரிங்கும் ஆட்களும் சேர்ந்து ஏறத்தாழ 150. கீழ்த்தளத்தின் சொந்த எடையோடு கூட்டினால் 900. முழு வலு வந்த தளத்துக்கும் 675-தான் கணக்கு. மிச்சத்தை அடியில் விட்டுவைக்கும் முட்டுகளே கீழ் மாடிகளுக்குக் கடத்த வேண்டும்.

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 1973 மார்ச் 2 அன்று ஸ்கைலைன் பிளாசா கட்டடத்தில் 24ஆம் தளத்துக்குக் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தார்கள். 23ஆம் தளத்தின் அடியிலிருந்த முட்டுகள் நேரத்துக்கு முன்பே எடுக்கப்பட்டிருந்தன. தூண்களைச் சுற்றித் தளம் துளைபட்டு விழ, சரிவு தரைவரை இறங்கியது. 14 தொழிலாளர்கள் இறந்தார்கள்.

நம்பிக்கை: பதிவேடு ஆபீசுக்குக் காட்டும் காகிதம்.

உண்மை: பிரித்த பிறகு எழுதினால் காகிதம்தான். பிரிக்கும் முன் எழுதினால் அதுவே அனுமதி. எந்தப் பகுதி, கான்கிரீட் முடிந்த தேதியும் நேரமும், சிமென்ட் வகை, தினமும் பதிவான குறைந்த வெப்பநிலை, கியூப் எண்களும் அவை கிடந்த இடமும், உடைத்த நேரம், மூன்று கியூப்களின் தனித்தனி அளவு, தேவையான வலு, அதைக் கணக்கிட்டவர் கையெழுத்து ஆகியவை இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகினால் அந்தத் தொகுப்பு செல்லாது. எந்த முட்டுகள் நிற்கும், எந்த வரிசையில் இறக்குவது என்பதையும் எழுத வேண்டும்: இருபுறமும் தாங்கியுள்ள தளத்தில் நடுவிலிருந்து ஓரத்துக்கு, வெளியே நீட்டிய சன்ஷேடிலும் பால்கனியிலும் நுனியிலிருந்து சுவருக்கு.

தேவை 17 என்று எழுதி, கியூப் 14 காட்டினால் பதிவேட்டில் அடுத்த வரி ஒன்றுதான்: முட்டு நிற்கட்டும், மறுபடி உடைக்கும் தேதி இது. அதற்காகவே கான்கிரீட் போடும் அன்றே இன்னும் மூன்று கியூப் கூடுதலாக வார்த்துத் தளத்தில் வைத்திருக்க வேண்டும்.