டிராவல் இன்ஷூரன்ஸ் படிவம்: வயது, தேதி, நோய்

ஆபீஸ் வேலையாக ஜெர்மனி கிளம்பச் சொல்கிறார்கள். ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும் என்பதால், டிராவல் டெஸ்க்கிலிருந்து ஒரு லிங்க் வருகிறது. ஐந்தே நிமிடத்தில் பாலிசி கைக்கு வந்துவிடும். ஆனால் நாளை கிளெய்ம் என்று போனால், கம்பெனி முதலில் புரட்டிப் பார்ப்பது நீங்கள் நிரப்பிய இந்தப் படிவத்தைத்தான்.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். சென்னை ஊழியர் ஒருவர், பிறந்த தேதி 14.11.1985. விமானம் 2026 நவம்பர் 10 அதிகாலை 1.50க்கு. பிராங்க்ஃபர்ட்டிலிருந்து 21ஆம் தேதி கிளம்பி, சென்னையில் 22ஆம் தேதி 12.20க்கு இறங்குகிறார். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார்.

வயது

பாஸ்போர்ட்டில் உள்ள பிறந்த தேதியை அப்படியே போடுங்கள். வீட்டில் கொண்டாடும் தேதி வேறாக இருந்தாலும் இங்கே பாஸ்போர்ட்தான் கணக்கு. சில தளங்கள் வயதை எண்ணாகக் கேட்கும். நம் ஊர் வழக்கப்படி ‘41 நடக்கிறது’ என்று 41 போடக் கூடாது. பாலிசி தொடங்கும் நாளில் முடிந்த வயதுதான் பொதுவாகக் கணக்கு. எனவே இவருக்கு 40.

பயணம் ஒரு வாரம் தள்ளிப்போனால், இடையில் 14ஆம் தேதி வந்து 41 ஆகிவிடும். சில நிறுவனங்களில் 41லிருந்து பிரீமியம் மாறுகிறது. ஆகவே தேதி மாறினால் பழைய கொட்டேஷனை வைத்துக்கொண்டு பணம் கட்டாமல், புதிதாகக் கணக்குப் போட வையுங்கள்.

தேதி

டிக்கெட்டில் 10 என்று இருக்கிறது. ஆனால் இவர் 9ஆம் தேதி இரவு பதினொரு மணிக்கே இமிக்ரேஷன் தாண்டிவிடுவார், முத்திரையிலும் 9 என்றுதான் விழும். அதனால் தொடக்கம் 9 என்று போடுவதே பாதுகாப்பு. முடிவுத் தேதி என்பது பிராங்க்ஃபர்ட்டை விட்டுக் கிளம்பும் நாள் அல்ல, இந்தியாவில் கால் வைக்கும் நாள். இவருக்கு அது 22. ஆக 9 முதல் 22 வரை 14 நாள். 10 முதல் 21 வரை போட்டால் இரண்டு முனையிலும் ஒரு நாள் விட்டுப்போகும்.

வேலை நீண்டால் பாலிசியையும் நீட்டிக்கலாம். ஆனால் 22ஆம் தேதி முடிவதற்குள் கேட்க வேண்டும். அதற்குள் ஏதாவது கிளெய்ம் ஆகியிருந்தால் மறுக்கவும் கூடும். திரும்பும் நாள் நிச்சயமில்லை என்றால், ஆரம்பத்திலேயே சில நாட்கள் கூட்டிப் போட்டுவிடுவது நல்லது.

ஏற்கெனவே உள்ள நோய்

தடுமாறுகிற இடம் இதுதான். ‘சுகர் கன்ட்ரோலில் இருக்கிறது’ என்று பலர் ‘இல்லை’ கட்டத்தை அழுத்திவிடுகிறார்கள். மாத்திரையால் கட்டுக்குள் இருக்கும் நோயும் நோய்தான். இந்தியக் காப்பீட்டு விதிகளின்படி, பாலிசி எடுப்பதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் மருத்துவர் கண்டறிந்ததோ, சிகிச்சை சொன்னதோ, நீங்கள் சிகிச்சை பெற்றதோ எல்லாமே இந்தக் கணக்கில் வரும். படிவம் ‘எப்போதாவது’ என்று கேட்டால் பழைய ஆபரேஷனையும் சொல்ல வேண்டும்.

விவரம் கேட்கும் இடத்தில் சுருக்கமாக எழுதினால் போதும்: நீரிழிவு, 2024 முதல், மெட்ஃபார்மின் 500 மி.கி. தினம் இருவேளை, மருத்துவமனையில் சேர்ந்ததில்லை.

‘ஆமாம்’ என்றவுடன் பிரீமியம் ஏறலாம், அல்லது ‘எங்களைத் தொடர்பு கொள்ளவும்’ என்று திரை நின்றுவிடலாம். அப்போது பின்னால் போய் ‘இல்லை’ என்று மாற்றாதீர்கள். அங்கே ஆஸ்பத்திரியில் சேர்ந்தால், டாக்டர் கேட்கும் முதல் கேள்வியே ‘வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்’ என்பதுதான். நீங்கள் சொல்லும் பதில் கேஸ் ஷீட்டில் ஏறும்; அந்தக் கேஸ் ஷீட் கிளெய்மோடு கம்பெனிக்குப் போகும். மறைத்தது தெரிந்தால் கிளெய்மை நிராகரிக்க அதுவே காரணமாகிவிடும்.

ஆனால் நோயைச் சொல்லிவிட்டதாலேயே அதற்குச் செலவு கிடைக்கும் என்றும் எண்ண வேண்டாம். பல பாலிசிகள் பழைய நோய்க்கு, உயிருக்கு ஆபத்தான அவசர நிலையில் மட்டும், அதுவும் ஒரு வரம்புக்குள்தான் கொடுக்கும். அந்த வரம்பு எவ்வளவு என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பாலிசி வந்த பிறகு

டிராவல் டெஸ்க்கே நிரப்பியிருந்தால், நோய்க் கேள்விக்கு உங்களைக் கேட்காமலே ‘இல்லை’ போட்டிருக்க வாய்ப்புண்டு. பாலிசியின் முதல் பக்கத்தில் பிறந்த தேதி, காப்பீட்டுக் காலம், நோய் விவரம் மூன்றையும் பாஸ்போர்ட், டிக்கெட், மருந்துச் சீட்டோடு ஒப்பிடுங்கள். தவறு இருந்தால் காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, திருத்திய பாலிசியைக் கிளம்பும் முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். போனில் சொன்னதற்குச் சாட்சி இருக்காது, மின்னஞ்சலுக்கு இருக்கும்.