P0171 வந்தால் சென்சார் போய்விட்டதா?

நம்பிக்கை: ஸ்கேனரில் P0171 வந்தால் ஆக்ஸிஜன் சென்சார் போய்விட்டது, மாற்றினால் சரியாகிவிடும்.

உண்மை: பெரும்பாலும் அந்த சென்சார் ஒழுங்காக வேலை செய்வதால்தான் கோட் வந்திருக்கிறது. கலவையில் காற்று கூடுதல், பெட்ரோல் குறைவு என்று அது இசியுவுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. இசியுவும் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போய், இனி கூட்ட முடியாது என்கிற கட்டத்தில் செக் என்ஜின் விளக்கைப் போட்டுவிடுகிறது. சென்சாரை மாற்றினாலும் காற்று புகும் வழி அப்படியே இருக்கும். சில ஆயிரம் ரூபாய் செலவழித்தவருக்குச் சில நாளில் அதே விளக்கு மறுபடி எரியும்.

கோட் வந்ததும் திறக்கவேண்டியது லைவ் டேட்டாவை. அதில் SHRTFT1 என்பது அந்தந்த நொடியில் இசியு செய்யும் திருத்தம். அதே திருத்தம் தொடர்ந்து தேவைப்பட்டால் பழக்கமாக்கி வைத்துக்கொள்வது LONGFT1. +10 என்றால், கணக்குப்படி கொடுக்கவேண்டியதைவிட 10 சதவீதம் அதிகமாகப் பெட்ரோல் போகிறது. ஒன்றை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. இரண்டையும் கூட்டிப் பார்க்கவேண்டும். கூட்டுத்தொகை பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. அதற்கும் முன்னால் FUELSYS1 வரியில் CL இருக்கிறதா என்று பாருங்கள். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது அங்கே OL இருக்கும். அப்போது இசியு சென்சாரின் பேச்சைக் கேட்பதில்லை என்பதால் அந்த எண்களை நம்பி எதுவும் செய்யமுடியாது.

மேஃப் சென்சார் உள்ள ஒரு பெட்ரோல் காரை எடுத்துக்கொள்வோம். சூடான என்ஜின் ஐடிலிங்கில் SHRTFT1 +6, LONGFT1 +17, மொத்தம் 23. ஆக்ஸிலேட்டரை மிதித்து 2500 ஆர்பிஎம்மில் நிறுத்தினால் இரண்டும் சேர்ந்து 6. இந்த இறக்கத்திலேயே பாதி விடை இருக்கிறது. ஐடிலிங்கில் மேஃப் அளக்கும் காற்று நொடிக்கு 2.6 கிராம். அதற்குத் தெரியாமல் ஒரு வெடித்த ஓஸ் வழியே 0.6 கிராம் உள்ளே போனால், அது 23 சதவீதம். 2500 ஆர்பிஎம்மில் மேஃப் 10 கிராம் அளக்கிறது. ஓட்டை அதே அளவுதான் இழுக்கிறது என்றால் பங்கு 6 சதவீதமாகச் சுருங்கிவிடும். ஆக, மேஃபுக்கும் சிலிண்டருக்கும் நடுவே எங்கோ ஏர் இழுக்கிறது.

பிசிவி ஓஸின் அடிப்பக்கம், பிரேக் பூஸ்டர் ஓஸ், இன்டேக் மேனிஃபோல்ட் கேஸ்கட் என்று வரிசையாகத் தேடலாம். சந்தேகப்படும் ஓஸை ஐடிலிங்கில் இறுக்கிப் பிடித்து அடைத்தபடி திரையைப் பாருங்கள். அதுதான் குற்றவாளி என்றால் SHRTFT1 சட்டென்று -17 பக்கம் விழும், LONGFT1 மட்டும் பழைய +17இலேயே நிற்கும். ஓட்டை அடைபட்டதும் பெட்ரோல் கூடிப்போனதை இசியு உடனே குறைக்கிறது; பழக்கத்தை மாற்றிக்கொள்ளத்தான் அதற்கு நேரம் எடுக்கும்.

இதே எண்கள் தலைகீழாக, ஐடிலிங்கில் சாதாரணமாகவும் மேட்டில் பாரத்தோடு ஏறும்போது +20 ஆகவும் இருந்தால் ஓஸைத் தேடுவது வீண்வேலை. பெட்ரோல் போதாமல் இருக்கலாம், மேஃப் அழுக்கேறி இருக்கலாம். பிரஷர் கேஜைப் போட்டுப் பார்க்காமல் பம்பை மாற்றக்கூடாது.

ஒரு எச்சரிக்கை: நம் ஊர்ச் சிறிய கார்கள் பலவற்றில் மேஃப் கிடையாது, மேப் சென்சார்தான். ஓட்டை வழியே வரும் காற்றும் மேனிஃபோல்ட் அழுத்தத்தை ஏற்றுவதால் இசியு அதையும் கணக்கில் சேர்த்துவிடும். அங்கே ட்ரிம் பெரிதாக மாறாமல் ஐடிலிங் மட்டும் ஏறி நிற்கலாம். எந்த சென்சார் என்று தெரியாமல் மேலே சொன்ன கணக்கைப் போடாதீர்கள்.

நம்பிக்கை: சைலன்ஸரில் பெட்ரோல் வாடை அடித்தால் ட்ரிம் மைனஸில்தான் இருக்கும்.

உண்மை: ஒரு சிலிண்டரில் பிளக் தீப்பொறி விடாவிட்டால் பெட்ரோலும் காற்றும் எரியாமல் வெளியேறும். சென்சாருக்குத் தெரிவது மிச்சமான ஆக்ஸிஜன் மட்டுமே. காற்று கூடுதல் என்று எண்ணி இசியு இன்னும் பெட்ரோலை ஊற்றும். ட்ரிம் பிளஸில் ஏறும், வாடையும் ஏறும். சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் கேஸ்கட் ஒழுகி வெளிக்காற்று புகுந்தாலும் இதே ஏமாற்றம்தான்.

நம்பிக்கை: முதலில் கோடை அழித்துவிட்டு, திரும்ப வருகிறதா என்று பார்ப்போம்.

உண்மை: பெரும்பாலான கார்களில் அழிக்கும்போது LONGFT1 பூஜ்யத்துக்குப் போய்விடும். கோட் விழுந்த நேரத்தில் ஆர்பிஎம், லோடு, ட்ரிம் எவ்வளவு இருந்தன என்ற ஃப்ரீஸ் ஃப்ரேம் பதிவும் போய்விடும். அந்தப் பதிவை முதலில் போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டு, பிறகு அழியுங்கள்.