ராகிக் கஞ்சி குடித்தும் சர்க்கரை ஏறுகிறதா?

"அரிசியைத் தொட்டே ஆறு மாசம் ஆச்சு டாக்டர். காலையில ராகி, ராத்திரி ராகி. ஆனாலும் சுகர் இறங்க மாட்டேங்குதே!"

பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற 61 வயதுக்காரர் ஒருவர் என் முன்னால் உட்கார்ந்து இப்படிப் புலம்பினார். சர்க்கரை வந்து எட்டு வருஷம். இங்கிலீஷ் மருந்து மாத்திரையும் சாப்பிடுகிறார், என்னிடம் சூரணமும் வாங்குகிறார். கூட வந்திருந்த அவர் மனைவியிடம், "அம்மா, ராகியை எப்படிச் செய்து கொடுக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"முளைகட்டின ராகி மாவு டாக்டர். பாக்கெட்ல வருது. நாலு ஸ்பூன் போட்டு, பால் விட்டு, நல்லா நைஸாக் காய்ச்சி ரெண்டு டம்ளர் கொடுப்பேன். இனிப்புக்குக் கொஞ்சம் வெல்லம். சர்க்கரை போடறதே இல்லை!"

உங்களில் பலர் வீட்டிலும் இதே கதைதான் நடக்கிறது என்பதால்தான் இதை எழுதுகிறேன். 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டு என்று ஐ.நா. சபை அறிவித்ததிலிருந்து கடைக்குக் கடை ராகி, கம்பு, தினை என்று அடுக்கியிருக்கிறார்கள். வாங்குவதில் தவறு இல்லை. தவறு அடுப்பில் நடக்கிறது.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் வாங்கிக் கொள்ளுங்கள். ராகியும் மாவுச்சத்துதான். 100 கிராம் அரிசியில் 78 கிராம் மாவுச்சத்து என்றால், ராகியில் ஏறத்தாழ 70. கம்பில் இன்னும் சற்றுக் குறைவு. வித்தியாசம் இவ்வளவுதான். அப்படியானால் நம் தாத்தாக்களுக்கு அது எப்படி ஒத்துக் கொண்டது? தானியத்தின் தோலில் இருக்கிற நார்ச்சத்தும் துவர்ப்புச் சத்தும், அது குடலில் கரைகிற வேகத்தைக் குறைக்கின்றன. அந்த வேகத்தடை இருக்கிற வரைதான் ராகிக்கு மரியாதை.

நாம் என்ன செய்கிறோம்? பவுடராக அரைக்கிறோம். சலித்து வெள்ளையாக்குகிறோம். நிறையத் தண்ணீரில் கொதிக்க வைத்து, மெல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் விழுங்குகிறோம். வயிறு செய்ய வேண்டிய வேலையை மிக்ஸியும் அடுப்பும் செய்து விடுகின்றன. கஞ்சி இறங்கின கொஞ்ச நேரத்திலேயே சர்க்கரை ரத்தத்துக்கு வந்து விடுகிறது.

முளைகட்டினது இன்னும் ஒரு படி மேலே. விதை முளைக்கும்போது தன் மாவுச்சத்தைத் தானே சர்க்கரையாக உடைக்க ஆரம்பிக்கிறது. அதனால்தான் முளைகட்டிய ராகிக் கஞ்சி இளகலாக, லேசான தித்திப்போடு இருக்கிறது. இணை உணவு தொடங்கிய குழந்தைக்கு இது நல்ல ஆகாரம். பேரனுக்குக் காய்ச்சிய அதே கஞ்சியைத் தாத்தாவுக்கும் ஒரு டம்ளர் ஊற்றுகிறோமே, சிக்கல் அங்கேதான்! வெல்லத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டாம். நிறம்தான் வேறு.

அந்த பேங்க்காரரிடம் வீட்டிலேயே பார்க்கிற சுகர் மிஷின் இருந்தது. "மறுநாள் கஞ்சிக்கு முன்னால் ஒரு தடவை, முதல் வாய் குடித்ததிலிருந்து சரியாக ரெண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை பாருங்க ஸார்" என்றேன். முன்னால் 134, பின்னால் 251. ஏற்றம் 117. அவரே திகைத்துப் போனார்.

சரி, மாற்றாக என்ன? நான் அவருக்குச் சொன்னது கம்பஞ்சோறு. கம்பு தானியம் சற்றுப் பெரியது. குருணையாக உடைத்து, மென்று தின்கிற பக்குவத்தில் சமைக்கலாம். ஆனால் கம்பு என்றதும் அந்த அம்மா, "வயிறு உப்புசம் வருதே டாக்டர்" என்றார். உண்மைதான். கம்பு மந்தம் தரும் என்பதை நாங்கள் பாளையங்கோட்டை கல்லூரியில் படிக்கிற காலத்திலேயே ஆசிரியர்கள் அழுத்திச் சொல்வார்கள். அதற்குப் பக்குவமும் நம் பாட்டிமார்களிடமே இருந்தது. நாம்தான் நேரமில்லை என்று பாதியை விட்டுவிட்டோம்.

இரண்டு பேருக்கு 100 கிராம் கம்பு போதும். கல் அரித்துக் கழுவி, தண்ணீரை ஒட்ட வடித்துவிட்டுப் பத்து, பதினைந்து நிமிஷம் அப்படியே வையுங்கள். ஈரத்தில் மேல்தோல் நெகிழும். உரல் இருந்தால் குத்துங்கள். இல்லையென்றால் மிக்ஸியில் விட்டுவிட்டு நாலைந்து சுற்று சுற்றுங்கள். ஓட விட்டால் மாவாகிவிடும், ஜாக்கிரதை. பிறகு முறத்தில் போட்டுப் புடைத்தால் சொரசொரப்பான மேல் உமி பறந்துவிடும். தொண்டையில் கரகரத்து, வயிற்றைப் பொருமச் செய்வதில் பெரும்பங்கு இதற்குத்தான். ஒரு தடவை புடைத்தால் போதும். வெள்ளை வெளேரென்று ஆகும்வரை புடைத்தால் நார்ச்சத்தும் போய்விடும். அப்புறம் அரிசியே சாப்பிட்டிருக்கலாம்.

இப்போது மறுபடி மிக்ஸியில் ஒரு சுற்று. ரவையைவிடச் சற்றுப் பெரிய குருணையும், கூடவே கொஞ்சம் மாவும் கிடைக்கும். சலித்து இரண்டையும் பிரித்துக் கொள்ளுங்கள். குருணையை ஒரு மணி நேரம் ஊற வையுங்கள். அடி கனமான பாத்திரத்தில் இரண்டேகால் டம்ளர் தண்ணீர் கொதித்ததும் குருணையைப் போட்டு, சின்னத் தீயில் மூடி வேக விடுங்கள். இருபது, இருபத்தைந்து நிமிஷம் ஆகும். இரண்டு விரலில் எடுத்து நசுக்கிப் பாருங்கள். நடுவில் வெள்ளைப் பொட்டு தெரியக் கூடாது. தெரிந்தால் வேகவில்லை என்று அர்த்தம். வயிற்று உப்புசத்துக்கு இதுவும் ஒரு முக்கியமான காரணம். வெந்த பிறகு, பிரித்து வைத்த மாவைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து ஊற்றி, உப்புப் போட்டுக் கெட்டியாகும்வரை கிளறி இறக்குங்கள்.

ஆறினதும் ஆளுக்கு ஒன்றாகப் பெரிய ஆரஞ்சுப்பழ அளவில் உருண்டை பிடித்து, மூழ்கும் அளவு தண்ணீரில் ராத்திரி முழுக்கப் போட்டு வையுங்கள். லேசாகப் புளித்திருக்கும். புளிப்பு ஏறும்போது செரிமானத்துக்கு இடைஞ்சலான சில பொருள்கள் குறைகின்றன. ஆறிப்போன மாவுச்சத்தில் ஒரு பகுதி இறுகி, சட்டென்று சர்க்கரையாக மாறாத நிலைக்குப் போகிறது. கோடையில் எட்டு மணி நேரம் தாராளம். நூல் விட்டாலோ, கெட்ட வாடை வந்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

காலையில் உருண்டையை உடைத்துக் கெட்டி மோர் சேர்த்து, சீரகம், கொஞ்சம் சுக்குப் பொடி, பெருங்காயம் கலந்து, சின்ன வெங்காயம் கடித்துக் கொண்டு மென்று சாப்பிட வேண்டும். கரைத்துக் குடிக்கக் கூடாது! குடித்தால் மறுபடி கஞ்சிக் கதைதான். தொட்டுக்கொள்ள ஒரு கிண்ணம் கீரையோ, அவரைக்காய்ப் பொரியலோ, சுண்டலோ கட்டாயம் வேண்டும். வெறும் ஊறுகாய் போதாது.

ராகிதான் வேண்டும் என்பவர்கள் சலிக்காத, முளைகட்டாத மாவில் களி கிண்டலாம். ஒரு பங்கு மாவுக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர். ஈரக்கையால் தொட்டால் ஒட்டாத பதம் வந்தால் வெந்துவிட்டது. கஞ்சியைவிடக் களி நிதானமாகக் கரையும். ஆனால் வழுக்கிக் கொண்டு உள்ளே போவதால் இரண்டு உருண்டை இறங்குவதே தெரியாது. ஒன்றோடு நிறுத்துங்கள், கீரைக் குழம்பு தாராளமாக இருக்கட்டும்.

அந்த பேங்க்காரர் ஒரே தடவையில் தினமும் என்று ஆரம்பிக்கவில்லை. முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு இரண்டு நாள், அதுவும் காலையில் மட்டும். பழகாத குடலுக்கு நார்ச்சத்தைத் திடீரென்று கொட்டினால் அது முரண்டு பிடிக்கும். மூன்றாவது வாரம் கம்பஞ்சோறு சாப்பிட்டுச் சோதித்தார். முன்னால் 138, ரெண்டு மணி நேரம் கழித்து 184. ஏற்றம் 46. அதே மனிதர், அதே மாத்திரை. பொதுவாக ரெண்டு மணி நேரத்தில் 180-ஐ ஒட்டி நின்றால் நல்லது. ஏற்றம் 60, 70-ஐத் தாண்டினால் அளவோ பக்குவமோ சரியில்லை என்று எடுத்துக் கொள்ளுங்கள். ஒருவருக்குக் கம்பு, இன்னொருவருக்குக் களி. உங்களுக்கு எது ஒத்துக் கொள்கிறது என்பதை இந்த இரண்டு எண்களை வைத்து நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

கதை இதோடு முடிந்திருந்தால் எனக்கும் சந்தோஷம்தான். மனிதருக்கு உற்சாகம் வந்துவிட்டது. என்னிடம் சொல்லாமலேயே மூன்று வேளையும் கொஞ்சூண்டு கம்பங்கூழ் என்று ஆக்கிக் கொண்டார். மாத்திரையை மட்டும் பழைய அளவிலேயே போட்டார். ஒரு நாள் பதினொன்றரை மணிக்குக் கை நடுக்கம், வியர்வை, கண் இருட்டல். மிஷினில் 58! நல்லவேளை, அந்த அம்மா சமயோசிதமாக மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் நடுக்கம் அடங்கியது. மறுபடி பார்த்ததில் 92. அன்றைக்கே அவருடைய டாக்டரைப் பார்த்து மாத்திரையின் அளவைக் குறைத்துக் கொண்டார்கள்.

கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மாத்திரை சாப்பிடுபவர்களும், இன்சுலின் ஊசி போடுபவர்களும் ஒரு வேளை உணவை மாற்றும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். சித்த மருத்துவன் நான் சொல்கிறேன், கம்பு சாப்பிடுகிறேன் என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் அந்த டாக்டர் வேலை.

எல்லோருக்கும் இது ஒத்து வராது. சர்க்கரையால் கிட்னி பாதிக்கப்பட்டவர்களுக்கு ராகியில் இருக்கிற பொட்டாசியமும் பாஸ்பரஸும் தொல்லை கொடுக்கலாம். கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம். சிறுநீரகக் கல் வந்தவர்கள் ராகியைத் தினப்படி வைத்துக் கொள்ளாமல் இருப்பது நல்லது. தைராய்டு குறைவு உள்ளவர்கள் கம்பை வாரத்தில் இரண்டு மூன்று நாளோடு நிறுத்திக் கொள்ளலாம். நாள்பட்ட சர்க்கரையில் சிலருக்கு வயிறு மெதுவாக இயங்கும். நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு அடைத்துக் கொள்ளும், நேற்றுத் தின்றது இன்று ஏப்பத்தில் வரும். அவர்களுக்கு இந்த நார்ச்சத்து உணவே கூடாது. எந்தப் பக்குவம் செய்தாலும் உபாதைதான் மிஞ்சும்.

வாங்கும்போது கம்பை மாவாக வாங்காதீர்கள். கம்பில் எண்ணெய்ச் சத்து அதிகம், 100 கிராமில் 5 கிராம் இருக்கும். அரைத்துவிட்டால் ஒரு வாரம், பத்து நாளில் காறல் வாடை வந்து கசக்க ஆரம்பிக்கும். கடையில் அது எத்தனை நாளாக இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்! சாம்பல் கலந்த பச்சை நிறத்தில், கையில் அள்ளினால் தூசி ஒட்டாத முழுத் தானியமாக வாங்கி, அந்தந்த வாரத்துக்கு வேண்டியதை மட்டும் உடைத்துக் கொள்ளுங்கள். ராகியையும் கல் நீக்கிக் கழுவிக் காயவைத்து மிஷினில் கொடுங்கள். "சலிக்க வேண்டாம்" என்று மிஷின்காரரிடம் சொல்ல மறந்துவிடாதீர்கள்.