கலிமா சொன்ன பின் பெயர் மாற்றம்: அரசிதழ் முதல் ஆதார் வரை

இஸ்லாத்தைத் தழுவிய ஒரு சகோதரரின் கையில் பெரும்பாலும் ஒரே ஒரு காகிதம்தான் இருக்கும். கலிமா சொல்லித் தந்த சபையோ மதரஸாவோ கொடுத்த மதமாற்றச் சான்று அது. அதில் புதிய பெயரும் இருப்பதால், பெயர் மாறிவிட்டது என்றே அவரும் நாமும் நினைத்துவிடுகிறோம். நிக்காஹ் பதிவின்போதோ வங்கியிலோ பழைய பெயரும் புதிய பெயரும் மோதும்போதுதான் உண்மை தெரிகிறது. அந்தச் சான்று மதம் மாறியதற்கு ஆதாரம். பெயர் மாறியதற்கு ஆதாரம் தமிழ்நாடு அரசிதழில் வரும் அறிவிப்பே.

முதலில் ஒரு விளக்கம். இஸ்லாத்தை ஏற்றவர் பெயரை மாற்றியே தீர வேண்டும் என்று மார்க்கம் சொல்லவில்லை. உமர், கதீஜா, பிலால் ஆகியோர் இஸ்லாத்துக்கு முன்பிருந்த பெயரிலேயே இருந்தார்கள். தவறான பொருளுடைய பெயர்களையே நபி (ஸல்) அவர்கள் மாற்றினார்கள். ஆகவே, மாற்றுவதா வேண்டாமா என்பதை அந்தச் சகோதரரே நிதானமாக முடிவு செய்யட்டும். மாற்றுவதானால் முழுமையாக மாற்ற வேண்டும்.

எடுத்துக்காட்டாக, முருகேசன் என்பவரின் மகன் செந்தில்குமார், அப்துல் ரஹீம் என்று பெயர் வைத்துக்கொள்கிறார் என்போம்.

அவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது ஆங்கில எழுத்துகள். ரஹீம் என்பதை RAHIM என்றும் எழுதலாம், RAHEEM என்றும் எழுதலாம். அப்துலுக்கும் ரஹீமுக்கும் நடுவே இடம் விடலாம், சேர்த்தும் எழுதலாம். மதமாற்றச் சான்றில் ஒருவிதமாகவும் அரசிதழில் வேறுவிதமாகவும் வந்துவிட்டால், கணினியைப் பொறுத்தவரை அவர் இரண்டு ஆட்கள். எனவே சான்று எழுதும் அன்றே எழுத்துகளை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

அடுத்தது தந்தை பெயர். சிலர் ஆர்வத்தில் 'அப்துல்லாஹ்வின் மகன்' என்று எழுதிவிடுகிறார்கள். இது இரு வகையிலும் தவறு. பிள்ளைகளை அவர்களின் தந்தையர் பெயரைக் கொண்டே அழையுங்கள் என்பது குர்ஆனின் கட்டளை (33:5). பிறப்புச் சான்றிலும் பள்ளிச் சான்றிலும் முருகேசன் என்றிருக்க, புதிய ஆவணத்தில் வேறு தந்தை வந்தால் ஆளே வேறு என்று ஆகிவிடும். தந்தையின் சொத்தில் பங்கு கேட்கும்போதும் சிக்கல் வரும். ஆகவே அவர் மு. அப்துல் ரஹீம், முருகேசனின் மகன்.

பிறகு எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறையின் பெயர் மாற்றப் படிவம். பிறப்புச் சான்று அல்லது பள்ளிச் சான்று, முகவரிச் சான்று, மதமாற்றச் சான்று ஆகியவற்றின் நகல்களை இணைக்க வேண்டும். புகைப்படத்திலும் படிவத்திலும் ஏ அல்லது பி பிரிவு அரசு அலுவலரின் சான்றொப்பம் வேண்டும். கட்டணம் அவ்வப்போது மாறும் என்பதால், செலுத்தும் நாளில் துறையிடம் கேட்டுக்கொள்வது நல்லது. பிரசுரமாகும் அறிவிப்பில் பழைய பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, முகவரி, இனி வழங்கப்படும் பெயர் ஆகியவை இருக்கும். அரசு இதை வெளியிடுவதோடு சரி. தகவல் தவறானால் பொறுப்பு விண்ணப்பித்தவரையே சேரும்.

நோட்டரி முன் எடுத்த பிரமாணப் பத்திரமும் நாளிதழ் விளம்பரமும் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். சில அலுவலகங்கள் அவற்றையும் கேட்கும், எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவை அரசிதழுக்கு ஈடாகா.

அரசிதழ் கைக்கு வந்ததும் முதலில் ஒவ்வோர் எழுத்தையும் சரிபார்க்க வேண்டும். பிழை இருந்தால் உடனே துறைக்கு எழுத வேண்டும். அடுத்து ஆதார். முழுப் பெயரையும் மாற்ற, அரசிதழ் நகலோடு பழைய பெயருள்ள அடையாள ஆவணமும் காட்ட வேண்டும். ஆதாரில் பெயரைத் திருத்த வாழ்நாளில் இரண்டு வாய்ப்புகளே உண்டு என்பதால், அரசிதழ் வருமுன் அவசரப்பட்டு ஒன்றை வீணாக்கக் கூடாது. ஆதார் சரியான பின் பான் அட்டை, வங்கிக் கணக்கு, வாக்காளர் அட்டை, ரேஷன் அட்டை, பாஸ்போர்ட் என்று போனால் ஒன்றோடொன்று பொருந்தும்.

பள்ளி, கல்லூரிச் சான்றுகள் பெரும்பாலும் பழைய பெயரிலேயே இருக்கும். வேலைக்குப் போகும்போது அவற்றோடு அரசிதழ் நகலையும் இணைத்துக் கொடுப்பதே வழக்கம். ஆகவே பழைய பெயருள்ள எதையும் கிழித்தெறிய வேண்டாம். செந்தில்குமாரும் அப்துல் ரஹீமும் ஒருவரே என்று காட்டும் பாலம் அவைதான்.

இரண்டு எச்சரிக்கைகள். அரசிதழ் பெயரை மட்டுமே மாற்றும், சாதிச் சான்றை மாற்றாது. அதற்கு வட்டாட்சியரிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பட்டியல் சாதியினராக இருந்தவர் இஸ்லாத்தை ஏற்றால், 1950ஆம் ஆண்டு ஆணைப்படி அந்தத் தகுதி அவருக்கு இராது. இதைக் கலிமா சொல்ல வருபவரிடம் மறைக்காமல் சொல்வது நம் கடமை. மற்றொன்று, இங்கே சொன்னவை தமிழ்நாட்டு நடைமுறை. உத்தரப் பிரதேசம் போன்ற சில மாநிலங்களில், மதம் மாறுவதற்கு முன்பே மாவட்ட நிர்வாகத்துக்கு அறிவிப்புக் கொடுக்கச் சட்டம் உண்டு. அங்கே வசிக்கும் உறவினருக்கு இதே வழியைச் சொல்லிவிடக் கூடாது.

நம் ஜமாஅத்தில் புதிதாக இணைந்தவர் இருந்தால், அவருடைய மதமாற்றச் சான்றையும் பள்ளிச் சான்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருமுறை படித்துப் பாருங்கள். தந்தை பெயரும் பிறந்த தேதியும் இரண்டிலும் ஒன்றாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. வேறுபட்டால், படிவம் வாங்கும் முன் சான்று தந்த இடத்திலேயே திருத்தி வாங்கிவிட வேண்டும்.