எரிச்சலே இல்லை, மாத்திரை எதற்கு?

நான்கு மாதக் கர்ப்பிணி நான். எரிச்சல், காய்ச்சல் எதுவுமில்லை. யூரின் கல்ச்சரில் கிருமி இருப்பதாகச் சொல்லி, டாக்டர் 7 நாளுக்கு செஃபலெக்சின் தந்திருக்கிறார். அவசியம் சாப்பிட வேண்டுமா?

அவசியம் சாப்பிடுங்கள், சகோதரி. கர்ப்பத்தில் சிறுநீர்க்குழாய்கள் தளர்ந்து சிறுநீர் தேங்குவதால், கிருமி சத்தமில்லாமல் சிறுநீரகத்துக்கு ஏறிவிடும். அறிகுறி இல்லாதவர்களுக்கும் ஆரம்பத்திலேயே கல்ச்சர் எடுப்பது இதற்காகத்தான். கர்ப்பிணிகளுக்குப் பல்லாண்டுகளாகக் கொடுத்துவரும் மருந்துதான் செஃபலெக்சின். குழந்தையைப் பற்றிய பயம் வேண்டாம். வீட்டில் மிச்சமிருக்கும் சிப்ரோஃப்ளாக்சசினை மட்டும் தொடாதீர்கள். மூன்றாம் நாளே நிறுத்தாமல் 7 நாளும் முடித்து, ஒரு வாரம் கழித்து மறுபடி கல்ச்சர் கொடுங்கள். கிருமி போனதற்கு அதுதான் சாட்சி. இடையில் குளிர்காய்ச்சலோ, விலாப்பக்க வலியோ, வாந்தியோ வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.