பொட்டாசியத்துக்கு ஒரு பெட்டி: இதயச் செயலிழப்புக் கருத்து வரைபடம் வரையும் மாணவிகளுக்கு

1. படத்தின் நடுவில் நோயின் பெயரை எழுதாதீர்கள். ஒரு நோயாளியை எழுதுங்கள். ‘இதயச் செயலிழப்பு’ என்று நடுவில் எழுதிச் சுற்றிலும் காரணம், அறிகுறி, மருந்து, பராமரிப்பு என்று நான்கு பெட்டி போட்டால், அது பாடப்புத்தகத்தின் உள்ளடக்கப் பக்கம்தான். பெட்டிகளுக்குள் ஒன்றும் நடக்காது. இங்கே ஓர் அம்மாவை எடுத்துக்கொள்வோம். வயது 64. நான்கு வருடத்துக்கு முன் மாரடைப்பு வந்தது. இடது கீழறை சுருங்கும்போது வெளியேறும் ரத்தத்தின் அளவு 30 சதவீதம்தான். நாடி ஒழுங்கில்லாமல் துடிக்கிறது. முழங்கால் வலிக்காக இரண்டு வாரமாக மெடிக்கல் கடையில் வாங்கிய வலி மாத்திரையை விழுங்கியிருக்கிறார். இப்போது மூன்று தலையணை வைத்துத்தான் படுக்க முடிகிறது. கால் வீக்கத்தில் விரலை அழுத்தினால் குழி விழுகிறது. நாடி 110, மூச்சு நிமிடத்துக்கு 28, ஆக்சிஜன் செறிவு 88 சதவீதம். போன மாதம் 56 கிலோ, இப்போது 61.

2. அம்புக்குறி ஒவ்வொன்றின்மேலும் ஒரு வினையை எழுதுங்கள். கருத்து வரைபடத்தை 1970களில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வடிவமைத்த ஜோசப் நோவாக், இரண்டு கருத்துகளை இணைக்கும் சொல்லைத்தான் முக்கியமாக வைத்தார். ‘இடது கீழறை → நுரையீரல்’ என்ற கோடு ஒன்றும் சொல்வதில்லை. ‘இடது கீழறை ரத்தத்தை முழுதாக வெளியேற்றவில்லை, அதனால் நுரையீரல் நாளங்களில் அழுத்தம் ஏறுகிறது, அதனால் நீர் காற்றுப்பைகளுக்குள் கசிகிறது’ என்று எழுதிப் பாருங்கள். மதகை அடைத்தால் வாய்க்கால் நீர் பின்னால் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். படுத்தால் மூச்சு முட்டுவது ஏன், நுரையீரலின் அடிப்பகுதியில் நெறுநெறுவென்ற ஒலி ஏன், நாம் ஏன் தலைப்பக்கம் உயர்த்தி உட்கார வைக்கிறோம் என்ற மூன்றும் அந்த ஒரே கோட்டிலிருந்து வந்துவிடும். வினை எழுத வரவில்லையென்றால் அந்தக் கோடு உங்களுக்கு இன்னும் புரியவில்லை. அங்கே புத்தகத்தைத் திறங்கள்.

3. சிறுநீரகத்தை ஓரத்தில் தள்ளாதீர்கள். மாணவிகளின் படங்களில் அது பெரும்பாலும் இருப்பதே இல்லை. ஆனால் கதையின் பாதி அங்கேதான் நடக்கிறது. ரத்தம் குறைவாக வருவதால், உடம்பில் நீரே குறைந்துவிட்டது என்று சிறுநீரகம் எடுத்துக்கொள்கிறது. ரெனின் சுரக்கிறது; அதனால் உருவாகும் ஆஞ்சியோடென்சின் நாளங்களைச் சுருக்குகிறது; ஆல்டோஸ்டிரோன் உப்பையும் நீரையும் பிடித்து வைக்கிறது. இதயம் ஏற்கெனவே தள்ள முடியாத நீர் இன்னும் கூடுகிறது. 56 கிலோ 61 ஆனது இப்படித்தான். அந்த 5 கிலோ ஏறத்தாழ முழுக்க நீர். அந்த அம்மாவின் வலி மாத்திரையும் இதே பெட்டிக்குள்தான் வர வேண்டும்: ‘சிறுநீரகத்தில் உப்பைத் தேக்குகிறது’. அதனால் வார்டில் சேர்க்கும்போது, “வேற ஏதாவது மாத்திரை சாப்பிட்டீங்களாம்மா?” என்று கேட்காமல், “வலிக்கு என்ன போட்டீங்க?” என்று நேராகக் கேளுங்கள். வலி மாத்திரையைப் பலர் மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

4. மருந்துகளைத் தனியாக அடுக்காமல், சங்கிலியில் ஒவ்வொன்றும் எந்த இடத்தை வெட்டுகிறதோ அங்கேயே குறியுங்கள். எனலாப்ரில் ஆஞ்சியோடென்சின் உருவாவதைத் தடுக்கிறது. ஸ்பைரோனோலாக்டோன் ஆல்டோஸ்டிரோனை வேலை செய்யவிடாமல் தடுக்கிறது. ஃபியூரோஸ்மைடு சேர்ந்த உப்பையும் நீரையும் வெளியேற்றுகிறது. பலவீனமான இதயத்துக்கு எதற்கு அதை மெதுவாக்கும் மெட்டோப்ரோலால் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். இதயம் தளரும்போது உடம்பு அட்ரினலினை ஊற்றிக்கொண்டே இருக்கிறது. நாளடைவில் அதுவே தசையைக் கெடுக்கிறது. அந்த அம்பைத்தான் மெட்டோப்ரோலால் வெட்டுகிறது. ஆனால் நீர் கோத்து மூச்சு முட்டும் நேரத்தில் அதைப் புதிதாகத் தொடங்குவதில்லை. நிலைமை அடங்கிய பிறகு, சிறிய அளவில்.

5. பொட்டாசியத்துக்குப் பெரிய பெட்டி போடுங்கள். நான் திருத்தும்போது முதலில் தேடுவது இதைத்தான். இயல்பான அளவு 3.5 முதல் 5 வரை. ஃபியூரோஸ்மைடிலிருந்து இதற்குக் கீழ்நோக்கிய அம்பு. எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் இரண்டிலிருந்தும் மேல்நோக்கிய அம்பு. இதிலிருந்து இன்னோர் அம்பு டிகாக்சினுக்கு. டிகாக்சின் இதயத் தசையில் போய் ஒட்டும் இடத்துக்குப் பொட்டாசியமும் போட்டியிடுகிறது. பொட்டாசியம் குறைந்தால் டிகாக்சின் அதிகமாக ஒட்டும். வழக்கமான அளவே நஞ்சாகிவிடும்.

அந்த அம்மாவுக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். ஃபியூரோஸ்மைடு ஊசி 40 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இரண்டு முறை போகிறது. ஒழுங்கற்ற நாடிக்காக டிகாக்சின் 0.125 மில்லிகிராம், கூடவே எனலாப்ரில். மூன்றாம் நாள் எடை 57.5. மூச்சு நன்றாக இருக்கிறது, எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் காலையில் இட்லி வேண்டாம் என்கிறார், குமட்டல், ஒரு முறை வாந்தி. பல் தேய்த்த பேஸ்ட் ஒத்துக்கொள்ளவில்லை என்று பக்கத்துப் படுக்கைக்காரர் சொல்வார். நீங்கள் டிகாக்சின் கொடுக்கும் முன் ஸ்டெத்தை இதய நுனியில் வைத்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணுகிறீர்கள்: 52. மணிக்கட்டில் எண்ணாதீர்கள், நாடி ஒழுங்கற்றவருக்குச் சில துடிப்பு கைவரை வந்து சேராது. 60க்குக் கீழே இருந்தால் மாத்திரையை நிறுத்திவைத்து டியூட்டி டாக்டரிடம் சொல்ல வேண்டும். பொருள்கள் மஞ்சளாகத் தெரிகிறதா என்றும் கேளுங்கள். ரத்த முடிவு வருகிறது: பொட்டாசியம் 3.0. வாந்தி, மெதுவான நாடி, 3.0 ஆகிய மூன்றும் ஒரே கோட்டில் நிற்பது, அந்தப் பெட்டியை வரைந்தவளுக்குத்தான் உடனே தெரியும். ஈசிஜி எடுக்கிறார்கள், பொட்டாசியம் சிரப் எழுதுகிறார்கள், ஸ்பைரோனோலாக்டோன் சேர்க்கிறார்கள்.

இப்போது படத்தைப் பாருங்கள். மேல்நோக்கிய அம்புகள் மூன்றாகிவிட்டன. சிரப்பை நிறுத்த மறந்தால் அடுத்த ஆபத்து எதிர்த்திசையிலிருந்து வரும். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அது இன்னும் வேகமாக வரும். அடுத்த பொட்டாசியப் பரிசோதனை எப்போது, சிரப் எந்த நாள் வரை என்று ரவுண்ட்ஸிலேயே கேட்டுச் சார்ட்டில் குறித்துவிடுங்கள்.

6. பராமரிப்பு முன்னுரிமைகளை எண் போட்டு எழுதுங்கள். ஒவ்வொன்றும் எந்த அம்பிலிருந்து வருகிறது என்றும் காட்டுங்கள். முதல் மணி நேரத்தில் மூச்சுதான்: உட்கார வைப்பது, ஆக்சிஜன், ஊசி போட்ட பிறகு சிறுநீர் இறங்குகிறதா என்று பார்ப்பது. மறுநாளிலிருந்து எடைதான் முதலிடம். தினமும் காலையில் சிறுநீர் கழித்த பின், உணவுக்கு முன், அதே எடைக்கருவியில், அதே மாதிரி உடையில். இன்டேக் அவுட்புட் சார்ட்டைவிட நான் எடையை நம்புவேன். உறவினர் கொடுத்த ஒரு டம்ளர் கஞ்சியும் இளநீரும் சார்ட்டில் ஏறாது, எடையில் ஏறிவிடும். இளநீர் நீராக மட்டும் போவதில்லை; பொட்டாசியத்தையும் கொண்டுபோகிறது. அதையும் அந்தப் பெட்டியோடு இணையுங்கள்.

7. படத்தைப் பென்சிலில் வரையுங்கள். வீட்டுக்குப் போகும் நாளில் அதே தாளை எடுத்து மறுபடி திருத்துங்கள். ஆக்சிஜன் பெட்டி போய்விடும்; ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றிலிருந்து சிறுநீரகப் பெட்டிக்கு அம்பு வரும். வலி மாத்திரை அம்பின்மேல் குறுக்குக் கோடு போடுங்கள். முழங்கால் வலிக்கு என்ன எடுக்கலாம் என்பதை டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக் கொடுங்கள். வலி போகாவிட்டால் அவர் மறுபடி அதே மெடிக்கல் கடைக்குத்தான் போவார். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் காத்திருக்காமல் வர வேண்டும் என்பதை அந்த அம்மாவிடமும், வீட்டில் எடை பார்த்து எழுதப்போகிறவரிடமும் சொல்லி, அவர்கள் வாயால் திரும்பச் சொல்லவைத்துக் கேளுங்கள்.