இனம் நிலைத்தற்குரிய குறைந்தபக்ஷத் தொகை

வேட்டையும் காடு வெட்டுதலுமே ஒரு பிராணி இனம் அழிவதற்குக் காரணமென்பது பொதுவான எண்ணம். அவை தொகையைக் குறைப்பது உண்மையே. ஆயினும், தொகை ஓரளவிற்குக் கீழ் இறங்கியபின், அக்காரணங்களை நீக்கினும் இனம் தானே அழிந்துபோவதுண்டு. அமெரிக்காவின் ஹீத் கோழி இதற்குத் தக்க உதாரணமாகும்.

1. நிகழ்ந்தது

கிழக்குக் கரையோரத்தில் மலிந்திருந்த இப்பக்ஷி, வேட்டையினால் குறைந்து, இறுதியில் மார்த்தாஸ் வின்யார்டு என்னும் தீவில் மட்டுமே எஞ்சிற்று. 1908-ல் அங்குக் காப்பிடம் அமைத்தபோது சுமார் 50 பக்ஷிகள் இருந்தன. காவலின் பயனாக 1915-ல் அவை ஏறத்தாழ 2,000 ஆயின. மறு ஆண்டு, அடைகாக்கும் பருவத்தில் அங்கே பெருந்தீ மூண்டது. முட்டைகளை விட்டகலாத பேடுகள் மிகுதியாக மாண்டன. பின்னர்க் கடுங்குளிரும், வல்லூறுகளும், வீட்டுக்கோழிகளினின்று தொற்றிய நோயும் தொடர்ந்தன. 1927-ல் எஞ்சியவை 13. அவற்றுள் பேடுகள் இரண்டே. கடைசிச் சேவல் 1932-ல் காணப்பட்டதே முடிவு.

2. சிறு தொகையின் கேடு

பதின்மூன்று என்னும் எண் நம்மை ஏமாற்றும். சேவல் 11-ஐப் பேடு 2-ஆல் பெருக்கி, அதனை நான்கால் பெருக்கினால் 88. அதை மொத்தமாகிய 13-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 7. இரத்தக்கலப்பைப் பொறுத்தவரை அக்கூட்டம், ஆணும் பெண்ணும் சமமாயுள்ள ஏழு பக்ஷிகளுக்கே ஒப்பாகும்.

இன்னொரு கேட்டினை, அதனை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ஆலியின் பெயரால் 'ஆலி விளைவு' என்பர். தொகை குறைந்தால் தலைக்குரிய இரையும் இடமும் பெருகுமாதலால், இனம் விரைந்து விருத்தியாகுமென்று எதிர்பார்ப்போம். ஆனால் ஹீத் கோழிச் சேவல்கள் விடியலில் ஓரிடத்தில் கூடி முழங்கிப் பேடுகளை ஈர்ப்பவை. கூட்டம் அருகினால் துணை கிடைப்பது அரிது. பகையைக் கண்டு எச்சரிக்கும் கண்களும் குறைவு. ஆகவே, பேடு ஒன்றுக்குத் தேறும் குஞ்சுகளின் எண் குறையும். அது இறப்பை ஈடுசெய்யாத நிலையே அபாய எல்லை. ஆண்டுதோறும் பேடுகளையும் தேறிய குஞ்சுகளையும் எண்ணிவந்தால் இவ்விளைவைக் கண்டறியலாம்.

3. கணக்கிடும் முறை

பிறப்பு, இறப்பு, ஆண்டுக்காண்டு அவற்றில் நேரும் ஏற்றத்தாழ்வு, தீ போன்ற விபத்து நேரும் தடவை ஆகியவற்றை முதலில் திரட்டவேண்டும். இவற்றைக் கொண்டு, இனத்தின் நூறாண்டு வாழ்வைக் கணிப்பொறியில் ஆயிரந்தடவை நடத்திப் பார்க்கின்றனர். 50 பக்ஷிகளுடன் தொடங்கி 400 தடவை அழிந்தால், அழிவின் வாய்ப்பு நூற்றுக்கு 40. தொடக்கத் தொகையை உயர்த்திக்கொண்டே போய், ஆயிரத்தில் 950 தடவை பிழைக்கும் மிகச் சிறிய தொகையைக் குறைந்தபக்ஷத் தொகையாகக் கொள்வர். நூறாண்டு, நூற்றுக்கு 95 என்பன நாம் வகுக்கும் அளவுகளேயன்றி இயற்கையின் விதியல்ல.

சில ஆண்டுகளின் குறிப்பை மட்டும் கொண்டால், அரிதாய் வரும் பெருந்தீ கணக்கில் விடுபடும். ஆலி விளைவை விட்டாலும் விடை குறைவாகவே வரும். எனவே, இவ்விடையை முடிந்த எண்ணாகக் கொள்ளாது, இரு காப்பு முறைகளில் எது நன்றென ஒப்பிடவே பயன்படுத்தல் தகும். ஹீத் கோழி 2,000 இருந்தும் பிழைக்கவில்லை. அவை அனைத்தும் ஒரே தீவில், ஒரு தீ பரவும் எல்லைக்குள் இருந்தன. அவற்றில் ஒரு பகுதி வேறோரிடத்தில் நிலைபெற்றிருந்தால் 1916-ன் தீ இனம் முழுவதையும் தாக்கியிராது.